33 மைக்ரோமோல் அமிலமும் தவறான ட்ரிஸ் பாட்டிலும்

போன மாதம் எங்கள் லேபில், ஆன்டிபாடியைப் பிடித்துக்கொள்ளும் புரோட்டீன் ஏ ஒட்டிய ரெசின் மணிகள் நிரப்பிய காலம்னில் ஒரு ஆன்டிபாடியைச் சுத்திகரித்தோம். காலம்னிலிருந்து 11 மில்லிகிராம் வெளியே வந்தது. மறுநாள் மாலை கையில் மிஞ்சியது 7 மில்லிகிராம்கூட இல்லை. மீதி சென்ட்ரிஃப்யூஜ் குழாயின் அடியில் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ரெசின் மேல் குற்றமில்லை, ஆன்டிபாடியைச் சுரக்கும் ஹைப்ரிடோமா செல்களும் ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தன. தவறு நடந்தது ஒரு குழாய்க்கு 50 மைக்ரோலிட்டர் அளவில். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். 400 மி.லி. ஹைப்ரிடோமா வளர்ப்பு ஊடகம் கையில் இருந்தது. அதில் இருந்தது எலியின் ஐஜிஜி2ஏ வகை ஆன்டிபாடி. இந்த வகை புரோட்டீன் ஏ-யை நன்றாகப் பிடிக்கும். ஐஜிஜி1 வகையாக இருந்திருந்தால் 3 மோலார் உப்பும் பிஹெச் 9-க்கு அருகில் பஃபரும் வேண்டியிருக்கும், அது வேறு தலைவலி. ஊடகத்தில் சேர்த்த மாட்டுச் சீரம், ஐஜிஜி குறைக்கப்பட்ட வகை. சாதாரண சீரம் ஊற்றி வளர்த்தால் மாட்டின் ஐஜிஜியும் சேர்ந்து ரெசினில் உட்கார்ந்துவிடும், கடைசியில் யாருடைய ஆன்டிபாடியை எடை போடுகிறோம் என்றே தெரியாது.

ஊடகத்தை 10,000 ஜி விசையில் சுழற்றி, செல் துணுக்குகளை இறக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்தேன். வளர்ந்து ஓய்ந்த ஊடகம் எப்போதும் கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்ந்திருக்கும், ஃபீனால் ரெட் மஞ்சளாகத் தெரியும். அதனால் அமிலத்தை வாங்கிக்கொள்ளும் பஃபரான ட்ரிஸின் 1 மோலார், பிஹெச் 8.0 பாட்டிலை எடுத்து, நிறம் இளஞ்சிவப்புக்குத் திரும்பும்வரை ஊற்றினேன். இந்தப் பாட்டிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

1 மி.லி. ரெசின் கொண்ட சிறிய காலம்ன். குளிர் அறையில், நிமிடத்துக்கு அரை மி.லி. வேகத்தில் பம்ப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் நடுநிலை உப்புக் கரைசலான பிபிஎஸ் 20 மி.லி. விட்டுக் கழுவினோம், புரதத்தைக் காட்டும் 280 நானோமீட்டர் ஒளி அளவீடு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வரும்வரை. காலம்ன் வழியாக வெளியேறிய ஊடகத்தைக் கொட்டவில்லை. கணக்கு முடியும்வரை அதைக் கொட்டக் கூடாது என்பது என் பழக்கம்.

அடுத்து எல்யூஷன், ரெசின் பிடித்த ஆன்டிபாடியைக் கழற்றி எடுப்பது. புரோட்டீன் ஏ, ஆன்டிபாடியின் எஃப்சி பகுதியில் சிஎச்2, சிஎச்3 என்ற இரு துண்டுகள் சேரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஹிஸ்டிடின் இருக்கிறது. நடுநிலையில் அதற்குப் பெரிதாக மின்சுமை இல்லை. அமிலம் வந்ததும் புரோட்டான் ஏறி நேர் மின்சுமை வந்துவிடும். பிடிப்பு தளர்ந்து ஆன்டிபாடி கழன்று வரும். அதற்காகத்தான் 0.1 மோலார் கிளைசின், பிஹெச் 2.7. ஆனால் கழற்றிய அதே அமிலம் ஆன்டிபாடியையும் சும்மா விடாது. சிஎச்2 பகுதிதான் அமிலத்தில் முதலில் மடிப்புக் குலையும். எனவே ஒவ்வொரு குழாயிலும் முன்கூட்டியே கொஞ்சம் ட்ரிஸ் வைத்திருந்து, சொட்டு விழும்போதே நடுநிலைக்குக் கொண்டுவருவது வழக்கம்.

10 குழாய்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் 50 மைக்ரோலிட்டர் ட்ரிஸ் போடச் சொல்லி ஜூனியர் தம்பியிடம் விட்டேன். ஒவ்வொரு குழாயிலும் 1 மி.லி. பிடித்தோம். புரதம் பட்டால் நீலமாகும் பிராட்ஃபோர்டு கரைசலில் 5 மைக்ரோலிட்டர் போட்டுப் பார்த்தபோது முதல் குழாயில் நிறம் மாறவில்லை. இரண்டு, மூன்று, நான்கு நீலமாகின, மூன்றாவது கருநீலம். எல்லாம் சரியாகப் போகிறது என்ற சந்தோஷம்.

"தம்பி, பிஹெச் பாத்தியா?"

"பாத்துட்டேன்கா, பேப்பர்ல 8 காட்டுது."

இரண்டு, மூன்று, நான்காம் குழாய்களை ஒன்றாகச் சேர்த்தோம். பத்து மடங்கு நீர்த்து 280-இல் அளந்தால் 0.50. ஐஜிஜிக்கு மி.லி.க்கு 1 மில்லிகிராம் என்றால் அளவீடு ஏறக்குறைய 1.4 வரும். அப்படியானால் மி.லி.க்கு 3.6 மில்லிகிராம், மொத்தம் 3.15 மி.லி., 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல். கரைசல் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. நேரம் ஆகிவிட்டது, பஃபரை பிபிஎஸ்-க்கு மாற்றும் டயாலிசிஸை நாளைக்குப் போடலாம் என்று ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையிலும் தெளிவாகவே இருந்தது. டயாலிசிஸ் பையில் ஊற்றி பிபிஎஸ்-இல் போட்டு, டீ குடித்துவிட்டு வந்தேன். அரை மணி நேரம்தான். பை அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது. மாலையில் சுழற்றியபோது வெள்ளைப் படிவம். மேலே இருந்த தெளிவில் 6.8 மில்லிகிராம்.

முதலில் பிபிஎஸ்-ஐ சந்தேகப்பட்டேன். புதிதாகச் செய்ததுதான், பிஹெச் 7.4, உப்பும் சரி. பிறகு டயாலிசிஸ் பை, பிறகு காலம்ன் பழையதோ என்று. கடைசியில்தான் மிச்சம் இருந்த மூன்றாம் குழாயின் அடியில் ஒட்டியிருந்த சொட்டைப் பிஹெச் பேப்பரில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. பேப்பர் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் இடையே நின்றது. 3 பக்கம்.

தம்பி பொய் சொல்லவில்லை. அவன் முதல் குழாயைச் சோதித்திருக்கிறான். கிளைசினை ஊற்றத் தொடங்கியபோது காலம்னுக்குள் இருந்தது பிபிஎஸ். 1 மி.லி. ரெசின் என்றால் மணிகளுக்கு இடையிலும் அவற்றின் துளைகளுக்குள்ளும் சேர்த்து கிட்டத்தட்ட 0.9 மி.லி. திரவம் தங்கியிருக்கும். அமிலம் அதைத் தள்ளிக்கொண்டுதான் கீழே வரும். ஆக முதல் குழாயில் விழுந்தது அமிலமே இல்லை, பழைய கழுவும் கரைசல். அதில் ட்ரிஸ் சேர்ந்தால் 8 காட்டாமல் வேறென்ன காட்டும்? சோதிக்க வேண்டியது நீலம் அதிகமான குழாயை.

சரி, 50 மைக்ரோலிட்டர் ட்ரிஸ் போட்டும் ஏன் 3-இல் நின்றது? மேசையில் நான் விட்டுப்போன பாட்டில்தான் விடை. எல்யூஷன் குழாய்க்கு வேண்டியது பிஹெச் 9.0 ட்ரிஸ், தம்பி எடுத்தது பிஹெச் 8.0 ட்ரிஸ். செய்முறைத் தாளில் நான் எழுதியிருந்ததும் வெறும் "1 மோலார் ட்ரிஸ், 50 மைக்ரோலிட்டர்" என்றுதான். பிஹெச் எழுதவில்லை. தவறு என்னுடையது.

8-க்கும் 9-க்கும் அவ்வளவு வித்தியாசமா என்று மேடம் கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு எளிதுதான்: 1 மோலார் கரைசலின் ஒரு மைக்ரோலிட்டரில் ஒரு மைக்ரோமோல் இருக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

1 மி.லி. கிளைசின் பஃபரில் 100 மைக்ரோமோல் கிளைசின். அதன் கார்பாக்சில் முனையின் பிகேஏ, அதாவது பாதி புரோட்டானோடு நிற்கும் பிஹெச், 2.35. பிஹெச் 2.7-இல் அதில் ஏறக்குறைய 31 மைக்ரோமோல் புரோட்டானைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தனியாகத் திரியும் புரோட்டான் இன்னும் 2. ஆக, நாம் சமாளிக்க வேண்டிய அமிலம் 33 மைக்ரோமோல்.

இப்போது ட்ரிஸ். அதன் பிகேஏ 25 டிகிரியில் 8.06. பிஹெச் 9.0-இல் செய்து வைத்தால் அதில் 100-க்கு 90 பங்கு புரோட்டானை வாங்கத் தயாராக இருக்கும். பிஹெச் 7.5-க்கு இறங்கும்போது 22 பங்கு மட்டும் அப்படியே மிஞ்சும். நடுவில் வாங்கியது 68 பங்கு. 33 மைக்ரோமோல் அமிலத்துக்கு 33-ஐ 0.68-ஆல் வகுத்தால் 49 மைக்ரோலிட்டர். ஒரு மி.லி.க்கு 50 என்று எல்லாரும் சொல்லும் அளவு இங்கிருந்துதான் பொருந்துகிறது.

பிஹெச் 8.0 ட்ரிஸில் வாங்கத் தயாராக இருப்பதே 100-க்கு 47 பங்கு. 50 மைக்ரோலிட்டர் போட்டால் மொத்தக் கையிருப்பு 23 மைக்ரோமோல். அமிலம் 33. அத்தனை ட்ரிஸும் தீர்ந்த பிறகும் 10 மைக்ரோமோல் அமிலம் மிச்சம். அது கிளைசின் மேலேயே இருக்கும், பிஹெச் 3.3 பக்கம் நிற்கும். 2.7-இலிருந்து 3.3-க்கு நகர்ந்ததைத்தான் நாங்கள் நடுநிலையாக்கியதாக நம்பி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தோம். 8.0 ட்ரிஸ் வைத்தே 7.5-க்குக் கொண்டுவர வேண்டுமானால் குழாய்க்கு 130 மைக்ரோலிட்டருக்கு மேல் போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப நேரம் குழப்பியது. அமிலத்தில் இருந்தபோது தெளிவாக இருந்த கரைசல் ஏன் பிபிஎஸ்-க்குள் போனதும் கலங்கியது? அமிலத்தில் ஆன்டிபாடி மூலக்கூறு எல்லாமே நேர் மின்சுமையோடு நிற்கும், ஒன்றை ஒன்று தள்ளும். மடிப்புக் குலைந்து உள்ளே இருந்த நீர் வெறுக்கும் பகுதிகள் வெளியே வந்தாலும் அருகே வர முடியாததால் பெரும்பாலும் ஒட்டாமல் இருக்கும். பிஹெச் மேலே ஏற ஏற அந்த மின்சுமை குறையும். ஆன்டிபாடியின் சமமின் புள்ளி பொதுவாக 6-க்கும் 9-க்கும் இடையில் எங்கோ இருக்கும், அதை நெருங்கும்போது தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. குலைந்தவை ஒட்டிக்கொள்ளும். சேதம் ராத்திரி நடந்தது, கண்ணுக்குத் தெரிந்தது காலையில். எனவே எல்யூட் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் நம்பக் கூடாது.

இதில் நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அமிலம் பட்ட உடனே ஆன்டிபாடி செத்துவிடுவதில்லை. மருந்து ஆன்டிபாடி தயாரிக்கும் ஆலைகளில் இதே புரோட்டீன் ஏ எல்யூட்டை வேண்டுமென்றே பிஹெச் 3.5-ஐ ஒட்டி ஒரு மணி நேரம் போல வைத்திருப்பார்கள், உறையுள்ள வைரஸ்களைச் செயலிழக்கச் செய்ய. ஆனால் அந்த ஆன்டிபாடி அதைத் தாங்கும் என்று முன்பே சோதித்துத் தேர்ந்தது, நேரமும் வெப்பமும் கட்டுப்பாட்டில் இருக்கும். எங்கள் ஹைப்ரிடோமா தந்தது எதைத் தாங்கும் என்று யாரும் சோதித்ததில்லை. அப்புறம், ஒரு மணி நேரம் வேறு, 16 மணி நேரம் வேறு.

இரண்டாவது தொகுதிக்கு அதே செல்களிலிருந்து இன்னொரு 400 மி.லி. வந்தது. இந்த முறை புதிதாக 1 மோலார் ட்ரிஸ் செய்தேன். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கும்போது பீக்கர் சூடாகும். சூட்டோடு மீட்டர் பார்த்து நிறுத்திவிட்டால், ஆறிய பிறகு பிஹெச் ஏறியிருக்கும். ட்ரிஸ் ஒரு டிகிரிக்கு 0.03 அளவுக்கு நகரும் பண்டம். குளிர் அறையில் 4 டிகிரியில் 9.0 என்று வைத்தவர், வெளியே 25 டிகிரியில் பயன்படுத்தும்போது கையில் இருப்பது 8.4 தான். நான் 25 டிகிரிக்கு ஆறவிட்டு 9.0 வைத்தேன். பாட்டிலில் சிவப்புப் பேனாவில் "எல்யூஷனுக்கு மட்டும், 9.0, 25 டிகிரி" என்று எழுதினேன்.

ஆன்டிபாடியைத் தொடும் முன் வெறும் கிளைசினில் ஒத்திகை பார்த்தேன். 1 மி.லி. கிளைசின் எடுத்து, ட்ரிஸை 10, 10 மைக்ரோலிட்டராகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு மைக்ரோலிட்டரைப் பேப்பரில் தொட்டுப் பார்ப்பது. 30 வரை பேப்பர் அமிலத்திலேயே அடம்பிடித்தது. 40-இல் ஒரேயடியாகத் தாவி 7 ஆனது. 50-இல் 7.5, 60-இல் 8-க்குச் சற்றுக் கீழே. அந்தத் தாவலைப் பார்த்தால்தான் புரியும், கொஞ்சம் குறைவாகப் போட்டால் கொஞ்சம் குறைவான பலன் கிடைக்காது, பலனே கிடைக்காது. அதனால் 60 என்று முடிவு செய்தேன். கொஞ்சம் கூடுதலாகப் போனால் 8 பக்கம் நிற்கும், அதனால் ஆன்டிபாடிக்குக் கெடுதல் இல்லை. ஐந்து நிமிட வேலை, செலவு இரண்டு பேப்பர் துண்டு. இதை முதல் முறையே செய்திருக்கலாம்.

குழாயில் ட்ரிஸ் இருந்தால் மட்டும் போதாது, கலக்கவும் வேண்டும். 1 மோலார் ட்ரிஸ் எல்யூட்டைவிடக் கனமானது. மெதுவாகச் சொட்டும் கிளைசின் அதன் மேல் தனி அடுக்காக நிற்கும், மேலே அமிலம் கீழே காரம். ஒரு குழாய் நிறைந்ததும் மூடி, மூன்று நான்கு முறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்தோம். வார்டெக்ஸில் வைக்கவில்லை, நுரை வந்தால் அந்த நுரையின் பரப்பிலேயே புரதம் குலையும். ஒவ்வொரு நீலக் குழாயிலும் பேப்பர் சோதனை, முதல் குழாயில் அல்ல. மூன்றாம் குழாய் 7.5-க்கும் 8-க்கும் நடுவில் நின்றது.

அன்றே பிபிஎஸ்-க்கு டயாலிசிஸ் போட்டோம். கலங்கவில்லை. 350 நானோமீட்டரில், புரதம் உறிஞ்சாத இடத்தில் ஒளிச்சிதறலைப் பார்க்க அளந்தோம், பூஜ்யத்தை ஒட்டி. 280-இல் மட்டும் அளந்து கணக்குப் போடுபவர்களுக்கு இது முக்கியம், கலங்கலும் 280-இல் அளவீட்டை உயர்த்திக் காட்டும், கெட்டுப்போன புரதம் லாபமாகத் தெரியும். காலம்னிலிருந்து வந்தது 10.6 மில்லிகிராம், டயாலிசிஸுக்குப் பிறகு 10.1. அளவுப்படி பிரிக்கும் காலம்னில் இரண்டு தொகுதியையும் ஓட்டினோம். முதல் தொகுதியில் மிஞ்சிய தெளிவில்கூட, ஆன்டிபாடியின் சிகரத்துக்கு முன்னால் பெரிய மேடு, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போல. கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிய கூட்டங்கள். இரண்டாவதில் ஒரு சின்னப் புடைப்பு மட்டும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஐஜிஜி2ஏ-க்கு 2.7 வரை இறங்கவே தேவையில்லை, இன்னும் மென்மையாக எடுக்கலாம் என்று மேடம் சொன்னார். நியாயம்தான். ரெசினிலிருந்து கழலப் போதுமான பிஹெச் எதுவோ அதற்குக் கீழே போவது வீண். மூன்றாவது தொகுதியில் கிளைசினையே பிஹெச் 3.5-இல் வைத்துப் பார்த்தோம். ஆன்டிபாடி வந்தது, ஆனால் இழுத்துக்கொண்டு வந்தது, மூன்று குழாயில் முடிய வேண்டியது ஆறு குழாய்க்குப் பரவியது. 3.5-இல் கிளைசினிடம் ஒரு மி.லி.க்கு 7 மைக்ரோமோல் அமிலம்தான் இருக்கிறது. காலம்னுக்குள் இருக்கும் பாஸ்பேட்டையும் ரெசினையும் கீழே தள்ளவே அதற்குத் தெம்பு போதவில்லை.

அப்படியானால் சிட்ரேட், 0.1 மோலார், அதே பிஹெச் 3.5. அங்கே அதற்குப் பலம் உண்டு, சிட்ரிக் அமிலத்தின் முதல் பிகேஏ 3.13. இந்த முறை முதலில் ஒத்திகை. 60 மைக்ரோலிட்டர் ட்ரிஸ் போட்டேன், பேப்பர் 4-ஐத் தாண்டியது, அவ்வளவுதான். 100, 150, 200... தம்பி சிரிக்க ஆரம்பித்துவிட்டான். 320 பக்கம் போன பிறகுதான் 7.5 வந்தது. சிட்ரேட்டுக்கு 4.76-இலும் 6.4-இலும் இன்னும் இரண்டு புரோட்டான் இருக்கிறது, மேலே ஏறும் வழியில் இரண்டையும் கழற்றியாக வேண்டும். கணக்குப்படி ஒரு மி.லி.க்கு 218 மைக்ரோமோல். பிஹெச் எண் கிளைசினைவிட மென்மையானது, ஆனால் நடுநிலையாக்கக் காரம் ஆறு மடங்குக்கு மேல் வேண்டும். பழைய கைப்பழக்கத்தில் 50 போட்டிருந்தால் மறுபடி ஃபிரிட்ஜில் அமிலம்.

ஒரு மி.லி. எல்யூட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு ட்ரிஸ் ஊற்றினால் ஆன்டிபாடி நீர்த்துப்போகும். எனவே 2 மோலார் ட்ரிஸ், பிஹெச் 9.0 செய்தோம், 160 மைக்ரோலிட்டர். குழாயில் முன்னமே அவ்வளவு ட்ரிஸ் இருந்தால் முதல் சொட்டுகள் 9-இல் விழும், அது பரவாயில்லை, கொஞ்ச நேரம்தான். சிட்ரேட்டில் ஆன்டிபாடி மூன்றே குழாயில் வந்தது. பிறகு 2.7 கிளைசினை ஊற்றிக் காலம்னில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தோம், பிராட்ஃபோர்டில் லேசான நீலச் சாயல், அளந்தால் 0.3 மில்லிகிராம். அதை விட்டுவிட்டோம்.

காலம்னை உடனே பிபிஎஸ் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்து, 20 சதவீத எத்தனாலில் 4 டிகிரியில் வைத்தாயிற்று. எங்கள் ரெசின் பழைய வகை, காரத்தில் கழுவினால் அதன் புரோட்டீன் ஏ சிதையும், அதனால் சோடியம் ஹைட்ராக்சைடு பக்கமே போகவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து லேபில் இந்த ஆன்டிபாடிக்கு ஒளிரும் சாயம் ஏற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ட்ரிஸ், கிளைசின் இரண்டிலுமே அமீன் முனை இருக்கிறது, சாயத்தை ஆன்டிபாடிக்கு முன்னால் அவை தின்றுவிடும். எனவே கொடுக்கும் முன் பிபிஎஸ்-ஐ மூன்று முறை மாற்றி இன்னொரு டயாலிசிஸ் போட வேண்டும். பை இப்போது குளிர் அறையில் சுற்றிக்கொண்டிருக்கிறது, தெளிவாகத்தான் இருக்கிறது.